டேலி ஆன கணக்கில் மூன்று தப்பு

பிளஸ் டூ வணிகவியல் வகுப்பில் கூட்டாண்மைக் கணக்கு போட்டு முடிக்கும் மாணவர் கடைசியில் செய்வது ஒன்றுதான். இருப்புநிலைக் குறிப்பின் இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்ப்பார். இரண்டும் ஒரே தொகையாக வந்துவிட்டால் அடியில் இரட்டைக் கோடு போட்டு, "டேலி ஆயிடுச்சு" என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். கணக்கு எழுதும் கடைகளிலும் இதே பழக்கம்தான். பற்றும் வரவும் சமமாக நின்றால் கணக்கு சரி என்பது பலருடைய நம்பிக்கை.

அந்தச் சமநிலை உறுதி சொல்வது மிகக் கொஞ்சம். ஒரு தொகையை ஓரிடத்தில் பற்றாக எழுதியவர் மறக்காமல் இன்னோரிடத்தில் வரவாகவும் எழுதியிருக்கிறார் என்பதை மட்டுமே அது சொல்கிறது. எழுதிய தொகை சரியா, எழுத வேண்டியதையெல்லாம் எழுதினாரா, உரியவர் கணக்கில்தான் எழுதினாரா என்பதைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. மூன்று பெரிய தப்புகளை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு விடை கச்சிதமாக டேலி ஆகும். அப்படி ஒரு விடையை எடுத்து, அதை எப்படித் திருத்துவது என்று பார்க்கலாம்.

சிவகாசிப் பக்கம் ஓர் அச்சகம் என்று வைத்துக்கொள்வோம். ராமு, சோமு இருவரும் கூட்டாளிகள். ராமுவின் முதல் 3,00,000 ரூபாய், சோமுவின் முதல் 1,00,000 ரூபாய். இலாபத்தை எப்படிப் பிரிப்பது என்று வாயாலும் பேசவில்லை, கூட்டாண்மை ஒப்பாவணமும் எழுதவில்லை. 31.3.2024 அன்று எடுத்த இருப்பாய்வில் இயந்திரம் 1,71,000 என்றும், சரக்கு, கடனாளிகள், ரொக்கம் எல்லாம் சேர்ந்து 4,69,100 என்றும் இருக்கிறது. மறுபக்கம் இரண்டு முதல்களோடு கடனீந்தோர் 40,000, 'சோமுவின் கடன் (1.10.2023 அன்று கொடுத்தது)' 1,00,000, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள இலாபம் 1,00,100. கூடுதல் தகவலாக வினாவில் இருப்பது ஒரே வரி. 1.10.2021 அன்று 2,00,000 ரூபாய்க்கு வாங்கிய இயந்திரத்துக்கு, இதுவரை செய்து வந்த முறையிலேயே ஆண்டுக்கு 10% தேய்மானம் நீக்க வேண்டும்.

மாணவர் எழுதிய விடை இது. தேய்மானம் 2,00,000-ல் 10%, அதாவது 20,000. மிச்ச இலாபம் 80,100. முதல் 3:1 என்று இருப்பதால் ராமுவுக்கு 60,075, சோமுவுக்கு 20,025. இயந்திரத்தின் மதிப்பு 1,51,000. இரண்டு பக்கமும் கூட்டினால் 6,20,100. கணக்கு டேலி.

முதலில் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். காரணம், இலாபம் அதற்குப் பிறகுதான் உறுதியாகும். இலாபம் தப்பாக இருக்கும்போது பிரிவினையைச் சரிபார்த்துப் பயனில்லை.

தேய்மானத்தில் மாணவர்கள் அதிகம் குழப்பிக்கொள்வது இரண்டு முறைகளை. நேர்க்கோட்டு முறையில் ஆண்டுதோறும் வாங்கிய விலையின் மீதே சதவீதம் போடுகிறோம். அதனால் தேய்மானத் தொகை மாறாது, 20,000 என்றால் கடைசி வரை 20,000. குறைந்து செல் மதிப்பு முறையில் அந்தந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஏட்டில் மிச்சமிருக்கும் மதிப்பின் மீது சதவீதம் போடுகிறோம். அதனால் தொகை ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே வரும். பாடமாகப் படிக்கும்போது இந்த வித்தியாசம் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. ஆனால் வினாத்தாளில் முறையின் பெயர் இல்லாமல் 'இதுவரை செய்து வந்த முறை' என்று மட்டும் இருந்தால், கை தானாக வாங்கிய விலைக்குப் போய்விடுகிறது. அதுதான் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் முழு எண்.

எந்த முறை என்று இருப்பாய்வே சொல்கிறது. அக்டோபர் 1-ல் வாங்கிய இயந்திரம் முதல் கணக்காண்டில் 6 மாதம்தான் ஓடியிருக்கிறது. எந்த முறையானாலும் அந்த ஆண்டுத் தேய்மானம் 10,000, மிச்சம் 1,90,000. முறைகள் பிரிவது இரண்டாம் ஆண்டில். நேர்க்கோட்டு முறை என்றால் 20,000 போய் 1,70,000 நிற்க வேண்டும். குறைந்து செல் மதிப்பு முறை என்றால் 1,90,000-ல் 10%, அதாவது 19,000 போய் 1,71,000 நிற்க வேண்டும். இருப்பாய்வில் நிற்பது 1,71,000. அந்த ஆயிரம் ரூபாய்தான் சாட்சி. முதல் ஆண்டுக்கு மாதக்கணக்கு பார்க்காமல் முழு ஆண்டுத் தேய்மானம் போட்டிருந்தால் எண்ணே வேறு. குறைந்து செல் மதிப்பில் 1,62,000-மும் நேர்க்கோட்டில் 1,60,000-மும் வந்திருக்கும். ஒவ்வொரு வழியும் தனக்கென்று ஒரு கால்தடத்தை விட்டுப்போகிறது.

ஆகவே 2023-24-க்குச் சரியான தேய்மானம் 1,71,000-ல் 10%, அதாவது 17,100. இயந்திரத்தின் மதிப்பு 1,53,900. மாணவர் எழுதிய 1,51,000 எந்த முறையிலும் வராத எண் என்பதைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்திலிருந்து நேர்க்கோட்டில் வந்திருந்தாலும் 1,50,000தான் நிற்கும். ஏட்டு மதிப்பை ஒரு முறையிலிருந்தும் தேய்மானத்தை இன்னொரு முறையிலிருந்தும் எடுத்ததால் பிறந்த கலப்பு அது. விடைத்தாள் திருத்துகிறவர் இந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் தப்பு எங்கே நடந்தது என்று சொல்லிவிடலாம்.

'இந்த ஆண்டிலிருந்து முறையை மாற்றிக்கொண்டேன்' என்று ஒருவர் வாதாட முடியுமா? நிஜ வியாபாரத்தில் முறையை மாற்ற இடமுண்டு, ஆனால் மாற்றியதைச் சொல்ல வேண்டும், காரணமும் இருக்க வேண்டும். இந்தியப் பட்டயக் கணக்காளர்களின் பழைய கணக்கியல் தரநிலை 6, முறை மாறினால் வாங்கிய நாளிலிருந்தே திருப்பிக் கணக்கிடச் சொன்னது. பழைய பாடநூல்களில் வரும் நீளமான 'முறை மாற்றம்' கணக்குகள் அந்த வழியில் வந்தவை. 2016-ல் திருத்தப்பட்ட தரநிலை 10 அதை விட்டுவிட்டது. இப்போது மாற்றம் இனிவரும் ஆண்டுகளுக்கு மட்டும், மிச்சமிருக்கும் மதிப்பை மிச்சமிருக்கும் ஆயுளுக்குப் பகிர்ந்தால் போதும். எந்த வழியில் போனாலும் ஏட்டில் நிற்கும் 1,71,000-லிருந்து, வாங்கிய விலையின் 10% என்று 20,000-த்தைக் கழிப்பதற்கு ஆதாரம் கிடைக்காது.

வரி வேலை தெரிந்த வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு குழப்பமும் வருவதுண்டு. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் மாதக்கணக்கு கிடையாது. வாங்கிய ஆண்டில் சொத்து 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் பாதி விகிதம், இல்லாவிட்டால் முழு விகிதம். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை 182 நாள். அன்றே ஓட்டத் தொடங்கிய இயந்திரத்துக்கு வரிக் கணக்கில் முழு ஆண்டுத் தேய்மானமே கிடைத்துவிடும். வணிக ஏட்டில் அதே இயந்திரத்துக்கு 6 மாதம்தான். இரண்டும் தனித்தனிக் கணக்கு. ஒன்றின் விதியை மற்றொன்றுக்குள் கொண்டுபோகக் கூடாது.

தேய்மானத்தை மட்டும் திருத்தினால் இலாபம் 83,000 ஆகிறது, இருப்புநிலைக் குறிப்பின் மொத்தம் 6,23,000. பாடநூலின் பின்பக்க விடையிலும் மொத்தம் 6,23,000 என்றுதான் அச்சிட்டிருப்பார்கள். கணக்கு பார்க்கும் பழக்கத்தில் மிக ஆபத்தான இடம் இதுதான். மொத்தம் டேலி ஆகிறது, விடையோடும் ஒத்துப்போகிறது. ஆனால் இன்னும் இரண்டு தப்பு உள்ளே அப்படியே இருக்கிறது. தேய்மானம் தப்பினால் சொத்தின் மதிப்பு மாறும், அதனால் மொத்தமும் மாறும். மிச்ச இரண்டும் கூட்டாளிகள் பக்கத்துக்குள்ளேயே நடக்கும் இடமாற்றம். ஒருவருடைய பணம் இன்னொருவர் கணக்கில் போய் உட்கார்ந்தாலும் மொத்தத்தில் ஒரு ரூபாய்கூட அசையாது.

அவற்றில் ஒன்று விட்டுப்போன சரிக்கட்டல். வினாவின் கூடுதல் தகவலில் இருந்தது தேய்மானம் மட்டும்தான். அதை முடித்ததும் சரிக்கட்டல் தீர்ந்தது என்று மாணவர் நினைத்துவிட்டார். ஆனால் இருப்பாய்வுக்குள்ளேயே ஒரு சரிக்கட்டல் ஒளிந்திருக்கிறது. 'சோமுவின் கடன் (1.10.2023 அன்று கொடுத்தது)' என்ற வரியில் தேதி எதற்கு? கடன் தொகையை இருப்புநிலைக் குறிப்பில் எழுத அந்தத் தேதி தேவையே இல்லை. காலத்தைக் கணக்கிட வேண்டியிருந்தால் மட்டும்தான் தேதி வேண்டும். வினாத்தாளில் தேதியையோ சதவீதத்தையோ பார்த்தால், அது விடையில் எங்கே பயன்பட்டது என்று தேட வேண்டும். எங்கும் பயன்படவில்லை என்றால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

இங்கே விட்டுப்போனது கடன் மீதான வட்டி. ஒப்பந்தம் இல்லாதபோது வட்டி எவ்வளவு? 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு பதில் வைத்திருக்கிறது. ஒரு கூட்டாளி தான் ஒப்புக்கொண்ட முதலுக்கு மேல் வியாபாரத்துக்குப் பணம் கொடுத்தால் அவருக்கு ஆண்டுக்கு 6% வட்டி உண்டு. 1,00,000 ரூபாய்க்கு 6 மாத வட்டி 3,000. அவசரத்தில் முழு ஆண்டுக்கும் போட்டு 6,000 என்று எழுதிவிடுபவர்கள் நிறைய. அப்படி எழுதினாலும் தேதி பயன்படாமலே கிடக்கும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

இந்த 3,000 எங்கே போக வேண்டும் என்பதிலும் சறுக்கல் உண்டு. கூட்டாளிக்குத் தரும் வட்டிதானே என்று இதையும் முதல் மீதான வட்டியையும் ஒன்றாகக் கருதி, இலாப நட்டப் பகிர்வுக் கணக்கில் எழுதுவார்கள். இரண்டும் வேறு வேறு இனம். முதல் மீதான வட்டி இலாபத்தைப் பிரிக்கும் வழிகளில் ஒன்று. ஒப்பந்தம் இருந்தால்தான் கிடைக்கும், இலாபத்திலிருந்துதான் கிடைக்கும். கடன் மீதான வட்டி வியாபாரத்தின் செலவு. வங்கியில் கடன் வாங்கியிருந்தால் நட்டம் வந்த ஆண்டிலும் வட்டி கட்டித்தானே ஆக வேண்டும்? கூட்டாளியிடம் வாங்கிய கடனுக்கும் அதுதான் நியாயம். அதனால் இது இலாப நட்டக் கணக்கின் பற்றுப் பக்கத்தில் வரும். அதன் இன்னொரு முனை சோமுவின் முதல் கணக்குக்குப் போகாது, அவருடைய கடனோடு சேர்ந்து 1,03,000 ஆக நிற்கும். சரிக்கட்டல் எதுவானாலும் இருப்புநிலைக் குறிப்பில் ஓரிடம், இலாப நட்டக் கணக்கிலோ பகிர்வுக் கணக்கிலோ ஓரிடம் என்று இரண்டு இடத்தில் தலைகாட்ட வேண்டும். வினாவின் ஒவ்வொரு வரிக்கும் பென்சிலால் இரண்டு டிக் விழுகிறதா என்று பார்ப்பது வகுப்புகளில் வெகுநாளாக இருக்கும் நல்ல பழக்கம். சரிக்கட்டலை ஓரிடத்தில் மட்டும் எழுதியவருக்குக் கணக்கு டேலி ஆகாது, அவர் தப்பித்துக்கொள்வார். இரண்டு இடத்திலும் மறந்தவரைத்தான் டேலி காட்டிக்கொடுக்காது.

வட்டி போனதும் இலாபம் 80,000. இப்போதுதான் விகிதத்துக்கு வரவேண்டும்.

மாணவர் 3:1 என்று எடுத்ததற்குப் பின்னால் ஒரு நியாய உணர்வு இருக்கிறது. மூன்று பங்கு பணம் போட்டவருக்கு மூன்று பங்கு இலாபம் என்பது கேட்பதற்குச் சரியாகத்தான் படுகிறது. கம்பெனிப் பங்குகளில் அப்படித்தான் நடக்கிறது. கூட்டாண்மை வேறு. ஒருவர் பணம் போடுவார், இன்னொருவர் விடியற்காலையில் வந்து கதவைத் திறந்து, இரவு வரை இயந்திரத்தோடு நிற்பார். எதற்கு எவ்வளவு மதிப்பு என்று அவர்களே பேசிக்கொள்ளாதபோது சட்டம் அதை அளந்து பார்க்கப் போவதில்லை. அதே 13-ஆவது பிரிவு, ஒப்பந்தம் இல்லாவிட்டால் இலாபமும் நட்டமும் சமமாகத்தான் என்று முடித்துவிடுகிறது. இதன்படி ஆளுக்கு 40,000.

ஆனால் இந்த விதிக்கு ஓர் எல்லை உண்டு, நிஜ வழக்குகளில் அது முக்கியமாகிறது. ஒப்பந்தம் என்றால் முத்திரைத்தாள்தான் வேண்டும் என்பதில்லை. கூட்டாளிகள் தங்களுக்குள் நடந்துகொண்டு வந்த விதத்திலிருந்தும் ஒப்பந்தம் இருந்ததாகக் கொள்ளலாம் என்று அதே சட்டத்தின் 11-ஆவது பிரிவு சொல்கிறது. ராமுவும் சோமுவும் பத்து ஆண்டுகளாக 3:1 என்று பிரித்து, ஆண்டுதோறும் இருவரும் கணக்கில் கையெழுத்துப் போட்டு வந்திருந்தால், 'எழுதவில்லையே, சமமாகத் தா' என்று சோமு திடீரென்று கேட்பது எளிதில் நிற்காது. தேர்வு வினாவில் அப்படிப்பட்ட பழைய நடப்பு எதுவும் சொல்லப்படாததால் சமப் பங்குதான் விடை.

விகிதத் தப்பு வேறு வேடத்திலும் வரும். புதிய கூட்டாளி சேரும் கணக்குகளில், ஏற்கெனவே சேர்ந்திருக்கும் பொதுக்காப்பையும் மறுமதிப்பீட்டு இலாபத்தையும் பழையவர்களுக்குள் பழைய விகிதத்தில் பிரிக்க வேண்டும். புதியவர் கொண்டுவரும் நற்பெயர்த் தொகையோ தியாக விகிதத்தில் போகும். கையில் புதிய விகிதம் ஒன்று கிடைத்ததும் எல்லாவற்றையும் அதிலேயே பிரித்துவிடும் மாணவர்கள் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். புதியவரின் முதல் கணக்கில் பொதுக்காப்பிலிருந்து ஏதாவது பங்கு வந்திருந்தால் அது தப்பு. அவர் வருவதற்கு முன்பே ஈட்டி ஒதுக்கிய பணத்தில் அவருக்கு என்ன பங்கு இருக்க முடியும்?

அச்சகத்துக்குத் திரும்புவோம். தேய்மானத்தை மட்டும் திருத்திவிட்டு நிறுத்திய விடையில், இலாபம் 83,000 பழையபடி 3:1 பிரிந்து ராமுவுக்கு 62,250, சோமுவுக்கு 20,750 என்று நிற்கிறது. மொத்தம் சரி, டேலி சரி, பின்பக்க விடையோடும் பொருந்துகிறது. சோமுவுக்கு உரியதோ இலாபத்தில் 40,000, வட்டியில் 3,000, ஆக 43,000. பாதிக்கும் மேல், 22,250 ரூபாய், அவர் கைக்கு வராமல் ராமுவின் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. தேய்மானத் தப்பின் அளவு 2,900. கண்ணுக்குத் தெரிந்த தப்பு சின்னது, தெரியாமல் நின்ற இரண்டும் சேர்ந்து அதைப்போல ஏழு மடங்குக்கும் மேல்.

ஆண்டுக் கணக்கை மூடிக் கையெழுத்துப் போட்ட பிறகு இது தெரியவந்தால், எல்லாவற்றையும் அடித்து எழுதத் தேவையில்லை. ஆளுக்குக் கிடைத்தது எவ்வளவு, கிடைக்க வேண்டியது எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வித்தியாசத்துக்கு ஒரே சரிக்கட்டுப் பதிவு போட்டால் போதும். ராமுவின் முதல் கணக்கில் 22,250 பற்று. எதிரே சோமுவின் முதல் கணக்கில் 19,250 வரவு, அவருடைய கடன் கணக்கில் வட்டியாக 3,000 வரவு. வரவு இரண்டையும் கூட்டினால் பற்றுக்குச் சமம். விளக்கக் குறிப்பில் '2023-24-க்கான கடன் வட்டி விடுபட்டதும் இலாபம் முதல் விகிதத்தில் பிரிக்கப்பட்டதும் சரிசெய்யப்பட்டது' என்று காரணத்தைத் தெளிவாக எழுத வேண்டும். பின்னால் கணக்கைப் பார்ப்பவருக்கு அந்த வரி இல்லாமல் 22,250 எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

பதிவுக்குப் பிறகு ராமுவின் முதல் 3,40,000, சோமுவின் முதல் 1,40,000, சோமுவுக்குத் தர வேண்டிய கடனும் வட்டியும் 1,03,000, கடனீந்தோர் 40,000. எதிர்ப்பக்கம் இயந்திரம் 1,53,900, மற்றவை 4,69,100. இரண்டு பக்கமும் முன்பு நின்ற அதே 6,23,000.